கூதல் காலத்துக் குளியலறைத் தரைக்குச் சூடு ஏற்றுவது எப்படி

தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, கந்தப்பளையில் அக்கா வீட்டுப் பாத்ரூமில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். காற்று 13 பாகை. தரை டைல்ஸ் 12 பாகை. கீசரில் சுடச்சுடத் தண்ணீர் வருகிறது, ஆனால் 74 வயது அம்மாவுக்கு அந்தத் தரையில் வெறுங்காலை வைக்கவே பயம். கால் விறைத்துவிடுகிறது என்று இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குளித்தார். அந்தத் தரையை 27 பாகைக்குக் கொண்டுவந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்தில் ஒன்பது வருடம் பாத்ரூம் கட்டும் குழுவோடு வயரிங் வேலை செய்தேன். இப்போது நுவரெலியாப் பக்கம் அதே தொழில்தான். லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் பெட்டி அனுப்பும்போது சூடாகும் துவாய்க் கம்பி, தரைக்கு அடியில் போடும் சூட்டு வலை, சூட்டு லாம்பு என்று ஏதாவது ஒன்றைப் போட்டு விடுகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு "தம்பி, இதைப் பூட்டித் தர முடியுமா?" என்று கேட்பவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

மூன்றும் மூன்று வேலை

துவாய்க் கம்பி, சுவரில் ஏணி போல நிற்கும் குழாய். மின்சாரத்தில் ஓடும் சிறியது 60 முதல் 150 வாட் வரை இழுக்கும். அதன் வேலை துவாயைக் காய வைப்பது. தென்மேல் பருவமழையில் பத்து நாள் வெயிலே படாத நம் ஊரில் அது பெரிய உதவிதான், ஆனால் அந்த வாட்டில் பாத்ரூம் சூடாகாது.

சூட்டு லாம்பு, கூரையில் பூட்டும் 250 அல்லது 275 வாட் அகச்சிவப்புப் பல்ப். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இரண்டு அல்லது நான்கு பல்ப்போடு காற்றாடியும் சேர்ந்த பெட்டியாக வீட்டுக்கு வீடு இருக்கும். வெயில் போல நேராக உடம்பில் பட்டுச் சூடேற்றும். சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் தோளில் உணரலாம், அணைத்த உடனே போய்விடும்.

தரைச் சூடு என்பது டைல்ஸுக்கு அடியில் ஓடும் கம்பி அல்லது வெந்நீர்க் குழாய். கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்த நம் பையன்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒண்டோல் என்று வீடு முழுவதும் தரைதான் அடுப்பு. அதற்குத் தனிக் கொதிகலன் வேண்டும். நாம் பேசப்போவது மின்கம்பி வலையைப் பற்றி, ஒரே ஓர் அறைக்கு.

அந்த நாடுகளுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வீடே 19, 20 பாகையில் இருக்கும். சுவருக்குள் வெப்பத் தடுப்பு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. பாத்ரூமுக்கு மேலதிகமாகக் கொஞ்சம் கொடுத்தால் போதும். இங்கே வீடு வெளிக்காற்றோடு சேர்ந்தே குளிர்கிறது. பாத்ரூம் சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக ஓட்டை வைத்த கற்கள், கூரை தகரமோ ஆஸ்பெஸ்டஸ் தகடோ. 27 பாகையில் இருக்கும் தரை, 17 பாகை அறைக்குள் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் விடும். இரண்டு சதுர மீட்டர் என்றால் 200 வாட். திறந்த ஓட்டை உள்ள அறையில் அது காற்றைச் சூடாக்காது. ஆகவே இங்கே தரைச் சூட்டை நம்பிப் போடுகிறவர் காலுக்கு இதம் என்பதை எதிர்பார்க்கலாம், அறை வெதுவெதுப்பாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தோளுக்கும் முதுகுக்கும் சூடு வேண்டுமென்றால் லாம்புதான் வழி, ஏனென்றால் அதன் கதிர் காற்றைப் பொருட்படுத்தாமல் நேரே தோலில் படும்.

காற்று ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். காஸில் ஓடும் வெந்நீர் மெஷின் பாத்ரூமுக்குள்ளோ அதை ஒட்டியோ இருந்தால் ஒருபோதும் அடைக்காதீர்கள். அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். மின்சாரக் கீசர் மட்டும்தான் என்றால், குளிக்கும் நேரம் மூடி மற்ற நேரம் திறந்து வைக்கும் கதவு போடலாம்.

பெட்டியைத் திறந்ததும் தகட்டைப் படியுங்கள்

அக்காவுக்கு முதலில் வந்த வலை கனடாவிலிருந்து மச்சானின் தம்பி அனுப்பியது. நல்ல சாமான், விலை கூடியது. தகட்டில் 120 வோல்ட், 240 வாட் என்று அடித்திருந்தது. மீட்டரை வைத்தேன், 60 ஓம். இதை நம் 230 வோல்டில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். வோல்டை வோல்டால் பெருக்கி ஓமால் வகுக்க வேண்டும். 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 880 வாட். 240 வாட் தாங்கச் செய்த கம்பி கிட்டத்தட்ட நான்கு மடங்கு இழுக்கும். டைல்ஸுக்கு அடியில் அதன் உறை உருகிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

மச்சான் சொன்னார், "டிரான்ஸ்போமர் ஒன்னு போட்டா ஓடுமே?" ஓடும்தான். ஆனால் கூட வந்த, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மொஸ்டற்றும் 120 வோல்டுக்கானது, அதுவும் டிரான்ஸ்போமருக்குப் பின்னால்தான் வர வேண்டும். இன்னும் பத்து வருடம் கழித்து வரும் வயர்மேன் இது தெரியாமல் நேராக 230ஐக் கொடுத்துவிட்டால்? அந்த ஆபத்தைத் தரைக்குள் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. வலையைச் சுருட்டித் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

கனடாவிலிருந்தே 240 வோல்ட் வலையும் வரும். அது இங்கே ஓடும். 230இல் அதன் வலு எட்டு வீதம் அளவு குறையும், அவ்வளவுதான். இங்கிலாந்து, நோர்வே, ஜேர்மனி, அவுஸ்திரேலியா சாமான்கள் நம் 230 வோல்டுக்கே பொருந்தும். அனுப்பச் சொல்லும்போது தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி கப்பலேறிய பிறகு கேட்பதில் பயன் இல்லை.

துவாய்க் கம்பியில் வேறொரு சிக்கல். அதற்கு வயரே இல்லாமல், கீழே இரண்டு பக்கமும் அரை அங்குலத் திருகுத் துளை மட்டும் இருந்தால், அது கொதிகலன் வெந்நீர் சுற்றி வருவதற்காகச் செய்தது. இங்கிலாந்து வீடுகளில் இந்த வகை சாதாரணம். அதைக் கீசர் லைனில் கோர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கூடாது. அந்த நாட்டில் ஒரே தண்ணீர்தான், துருப்பிடிக்காத மருந்து கலந்து, மூடிய குழாய்க்குள் வருடக்கணக்காகச் சுற்றும். நம் கீசரில் ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர், புதுக் காற்று. சாதாரண இரும்பில் செய்த கம்பி உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழும், குளிக்கும் தண்ணீரும் செம்பட்டையாகும். அதற்குள் பூட்டும் மின்சூட்டுக் கோல் தனியாகக் கிடைக்கும். அப்படிப் பூட்டினால், தண்ணீர் சூட்டில் விரிவதற்கு மேலே பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்பி மூட வேண்டும்.

அக்கா வீட்டுக் கணக்கு

அறை 2.4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். பெருக்கினால் 4.08 சதுர மீட்டர். ஆனால் வலை அவ்வளவுக்கு வாங்கக் கூடாது. ஷவர் மூலை 0.9க்கு 0.9, கொமட் நிற்கும் இடம், கை கழுவும் பேசினின் அலமாரி, சுவரோரம் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, இவற்றையெல்லாம் கழித்தால் கால் படும் இடம் 2.2 சதுர மீட்டர்தான். அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாமானுக்கு அடியில் கம்பி ஓடினால் சூடு மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். கொமட்டைப் பூட்ட ட்ரில் இறக்கும் இடத்திலும் கம்பி இருக்கக் கூடாது.

வலை 2, 2.5, 3 சதுர மீட்டர் என்று அளவில் வரும். இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் நின்றால் சிறியதை எடுங்கள், மிச்சமான கம்பியை எங்கேயும் ஒளிக்க முடியாது. அரை மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், சதுர மீட்டருக்கு 150 வாட் உள்ள வலை ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். மொத்தம் 300 வாட், கரண்ட் 1.3 அம்பியர். ஒரு அயன் பெட்டி இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது பலரும் காசு மிச்சம் பிடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வலைக்கு அடியில் போடும் வெப்பத் தடுப்புப் பலகை. அதை விட்டால் முழு வேலையும் வீண். ஏன் என்று கணக்கே சொல்லும். இரண்டு சதுர மீட்டரில் டைல்ஸும் அதன் அடிச் சாந்தும் சேர்ந்து 60 கிலோ அளவு. மேலே காற்றுக்குப் போகும் சூட்டை விட்டுப் பார்த்தால், அதை 12 பாகையிலிருந்து 27க்கு ஏற்ற 300 வாட்டுக்கு முக்கால் மணி நேரம் போதும். பலகை இல்லாவிட்டால் அடியிலுள்ள நான்கு அங்குலக் கொங்கிரீட்டையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். அது 460 கிலோ. அதற்கு மட்டும் ஐந்தரை மணி நேரம். நடுவில் மண்ணுக்குள் இறங்கும் சூடு தனி. அம்மா ஐந்து மணிக்குக் குளிக்க நள்ளிரவுக்கு முன்பே சுவிட்சைப் போட வேண்டியிருக்கும்.

பலகை என்றால் இருபக்கமும் சீமெந்து பூசிய, இறுக்கமான நுரைப் பலகை. 10 மில்லிமீட்டர் தடிப்பு போதும், 6 மில்லிமீட்டரும் உண்டு. டீவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ரிஜிஃபோமைப் போட வேண்டாம். ஆள் நடக்கும் பாரத்தில் அது அமுங்கும், டைல்ஸ் வெடிக்கும்.

பலகை, வலை, சாந்து, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை மூன்று சென்டிமீட்டர் வரை உயரும். கதவின் அடி திறக்குமா, தண்ணீர் போகும் வாய் அதற்கேற்ப உயர்கிறதா என்பதை வேலை தொடங்குமுன் பார்த்துவிடுங்கள். நம் பாத்ரூமில் ஷவர் மூலை மட்டுமல்ல, வாளித் தண்ணீரில் முழுத் தரையும் நனையும். சரிவு கெட்டால் தண்ணீர் தேங்கும்.

கரண்ட் எங்கிருந்து வரும்

தரையைத் தொடுமுன் இதை முடியுங்கள். நம் வீடுகளில் பூமித் தொடர்பு பொதுவாக வீட்டுக்கு வெளியே அடித்த செப்புக் கோலில்தான் முடிகிறது. பழைய லயன் வீடுகளில் அந்தக் கோலே இருக்காது, அல்லது வயர் அறுந்து கிடக்கும். பூமித் தொடர்பு இல்லாத வீட்டில் தரைச் சூடு போடவே வேண்டாம். முதலில் கோல் அடித்து அளந்து பார்க்கும் வேலையைச் செய்யுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் வகையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் முழு வீட்டுக்கும் ஒன்றுதான் இருக்கும். அதில் தரைச் சூட்டையும் கோர்த்தால், வலையில் ஈரம் ஏறிய அன்று விடியற்காலை வீடே இருட்டாகும். அக்கா வீட்டில் இந்த லைனுக்கென்று 6 அம்பியர் பிரேக்கரும் 30 மில்லி அம்பியர் ட்ரிப்பும் ஒன்றாக உள்ள சுவிட்ச் ஒன்றைத் தனியாகப் போட்டேன். வலைக் கம்பியைச் சுற்றி ஓடும் உலோகப் பின்னலைப் பூமி வயரோடு கட்டாயம் சேர்க்க வேண்டும். டைல்ஸ் வழியாக ஆணி இறங்கினால் ட்ரிப்பை விழ வைப்பது அந்தப் பின்னல்தான்.

தெர்மொஸ்டற்றைப் பாத்ரூமுக்குள் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் குளிக்கும் தொட்டியிலிருந்தும் ஷவரிலிருந்தும் 60 சென்டிமீட்டருக்கு அப்பால் என்றெல்லாம் எல்லை பிரித்திருக்கிறார்கள். வாளியில் அள்ளி ஊற்றிக் குளிக்கும் அறையில் அப்படி ஓர் எல்லையே இல்லை, தண்ணீர் எங்கும் தெறிக்கும். கதவுக்கு வெளியே சுவரில் வையுங்கள். அதே இடத்தில் இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இறங்கும்போது அதை அணைத்துவிடலாம்.

தரை வேலை

பழைய தரையைத் துப்புரவாக்கி, சரிவு சரியென்று தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு, பலகையை வளைந்து கொடுக்கும் வகை டைல் மோட்டாரால் ஒட்டினோம். மறுநாள் அதன்மேல் வலையை விரிக்குமுன் முதல் அளவு எடுத்தேன். 300 வாட் வலைக்கு 176 ஓம் வர வேண்டும். தகட்டிலும் அதுவே இருந்தது, மீட்டரிலும் 176. ஐந்து, பத்து வீதம் வித்தியாசம் இருக்கலாம். வலையோடு வரும் தாளில் எவ்வளவு என்று போட்டிருக்கும்.

டைல்ஸ் போட வந்த பாஸ் கைதேர்ந்தவர், ஆனால் இதை முதல்முறை பார்க்கிறார். வலையை விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சுவர்ல முட்டுது. கொஞ்சம் வெட்டிருவமா?" என்றார்.

"வேணாம்ணே. இந்த வெள்ளை வலைய மட்டும் வெட்டலாம். வயர் பக்கமே கத்தி போகக் கூடாது."

வலையைக் குறுக்கே வெட்டி, கம்பியை வெட்டாமல் திருப்பி, மறுபடி எதிர்ப்பக்கம் விரிக்க வேண்டும். இப்படித் திருப்பித் திருப்பி 1.4, 1.4, 1.2 மீட்டர் என்று மூன்று பட்டையாக நான்கு மீட்டரையும் அடக்கினோம். கம்பியை வெட்டிக் குறுக்கினால் ஓம் குறையும், கரண்ட் கூடும், மிச்சமுள்ள கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறவும் கூடாது, தொடவும் கூடாது.

வலையின் தலைப்பில் சூடாகாத வயர் ஒன்று தொடங்கி தெர்மொஸ்டற்றுக்குப் போகும். சூடாகும் கம்பியும் அதுவும் சேரும் இடம் தடித்த முடிச்சுப் போல இருக்கும். அந்த முடிச்சு தரையிலேயே, சாந்துக்குள் முழுக்க மூழ்கி இருக்க வேண்டும். அதைச் சுவருக்குள் ஏற்றி அடைத்தால் சூடு வெளியேறாமல் அங்கேதான் கருகும். முடிச்சு தடிப்பாக இருப்பதால் பலகையில் சின்னப் பள்ளம் வெட்டி உட்கார வைத்தோம்.

சூடு அளக்கும் சென்சரை எப்போதும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். வலைக்குள் 15 சென்டிமீட்டராவது உள்ளே போய், இரண்டு கம்பி ஓட்டங்களுக்குச் சரி நடுவில் அது முடிய வேண்டும். குழாயின் நுனியை டேப்பால் மூடினால் சாந்து உள்ளே போகாது. வலை முப்பது வருடம் ஓடலாம், சென்சர் முதலில் போகும். குழாய் இருந்தால் பழையதை இழுத்துவிட்டுப் புதியதைத் தள்ளலாம், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. பல தெர்மொஸ்டற்றுகளின் சென்சர் 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும். குளிர்ந்தால் கூடும், அக்கா வீட்டில் அன்று காலை 15க்கு மேல் காட்டியது.

இந்த நிலையில் இரண்டாம் அளவு. 176. பிறகு ஓர் அளவு நாடாவைச் சுவரோடு சேர்த்து விரித்து வைத்து, மேலிருந்து நாலைந்து படம் எடுத்தேன். கம்பி எங்கே திரும்புகிறது, முடிச்சு எங்கே, சென்சர் எங்கே என்பதெல்லாம் படத்தில் சென்டிமீட்டரோடு தெரிய வேண்டும்.

அதன்மேல் கம்பி மறையும் அளவுக்கு மெல்லிய சாந்துப் படை, அது காய்ந்ததும் தண்ணீர் தடுக்கும் பூச்சு இரண்டு கை, பிறகு டைல் மோட்டார், டைல்ஸ். இந்தச் சாந்துப் படை போடும்போது இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியால் இழுங்கள். அந்தப் படை கம்பியைக் காப்பதோடு அடுத்த நாள் பாஸ் நிம்மதியாக டைல்ஸ் போடவும் உதவும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அபர்டீனில் ஒரு வீட்டில் நாங்கள் வலையை விரித்து, அளந்து, சரி என்று எழுதிவிட்டு வந்தோம். டைல்ஸ் போட்டவர் இரும்புப் பல் கரண்டியால் நேராகக் கம்பியின் மேலேயே இழுத்திருக்கிறார். இடையில் யாரும் அளக்கவில்லை. விளிம்புச் சாந்தும் பூசி, கொமட்டும் பூட்டி, பத்து நாள் கழித்து நான் மீட்டரை வைத்தபோது ஓம் காட்டவே இல்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்த ஆளால் ஒரு டைல்ஸை மட்டும் கழற்றி ஒட்டுப் போட முடிந்தது. ஆனால் அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி காட்டிய முகத்தை இன்னும் மறக்கவில்லை. நடுவில் அரை நிமிடம் மீட்டர் வைத்திருந்தால் ஈரச் சாந்திலேயே சரி செய்திருக்கலாம். பாஸ் வேலை செய்யும்போது வலையின் வயர் நுனியில் மாட்டி வைக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, கம்பி அறுந்த நொடியில் கத்தும். கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்று வரிசை டைல்ஸுக்கு ஒருமுறை மீட்டரை வையுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

டைல்ஸ் முடிந்ததும் மூன்றாம் அளவு. 175. அதோடு, கம்பியின் உறை கசியாமல் தாங்குகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் கம்பிக்கும் பூமிப் பின்னலுக்கும் இடையே அளந்தேன். தெர்மொஸ்டற்றைக் கழற்றிவிட்டுத்தான் இதை அளக்க வேண்டும். நல்ல புது வலை நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். ஓம் சரியாக இருந்தும் மெகர் அளவு ஒன்று, இரண்டு என்று இறங்கியிருந்தால் உறையில் எங்கோ கீறல் பட்டு ஈரம் ஏறியிருக்கிறது. அப்படி ஒரு வலைக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

முதல் சூடு

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. வலையின் தாளிலும் சாந்துப் பையிலும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும், பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். இரண்டில் எது கூடவோ அதை எடுங்கள். நம் ஈரக் காற்றில் சாந்து மெதுவாகத்தான் இறுகும், ஆகவே அக்கா வீட்டில் மூன்று வாரம் விட்டேன். சாந்தைச் சீக்கிரம் காய வைக்கலாம் என்று சூட்டைப் போட்டால் டைல்ஸ் அடியில் வெற்றிடம் விழுந்து, தட்டினால் டொக் டொக் என்று கேட்கும்.

முதல் நாள் 18 பாகை வைத்தேன். பிறகு நாளுக்கு இரண்டு பாகை கூட்டி 27இல் நிறுத்தினேன். தெர்மொஸ்டற்றில் தரையின் உச்ச எல்லை என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 28இல் பூட்டினேன். ஐரோப்பிய விதியில் குளியலறைத் தரைக்கு 33 வரை விடுகிறார்கள். ஆனால் சீனி வியாதியில் கால் மரத்துப்போன வயதானவர்களுக்குச் சூடு தெரியாது. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பார்கள் அல்லது உட்காருவார்கள். அவர்கள் இருக்கும் வீட்டில் 28க்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

நேரம் 4.15 முதல் 6.30 வரை, பின்னேரம் ஆறிலிருந்து 7.15 வரை. மொத்தம் மூன்றரை மணி. முழு நேரமும் 300 வாட்டும் ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட். ஆனால் 27ஐத் தொட்டதும் விட்டு விட்டுத்தான் ஓடும், ஆகவே மாதம் 20 யூனிட் அளவில் கூடியது. நம் பில்லில் யூனிட் ஏற ஏறப் படியின் விலையும் ஏறும் என்பதால், புதிதாகச் சேரும் இந்த 20உம் உங்கள் வீட்டின் மேல்படி விலையில்தான் விழும். வாங்குமுன் பழைய பில்லில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கரண்ட் போய் வந்தால் சில தெர்மொஸ்டற்றில் மணிக்கூடு பூச்சியத்திலிருந்து தொடங்கும். தரை காலையில் குளிர்ந்தும் மத்தியானம் சூடாகவும் இருந்தால் வலையைச் சந்தேகிக்குமுன் மணியைப் பாருங்கள். தரை ஒரு பக்கம் மட்டும் சூடாகாவிட்டால் அங்கே தடித்த ரப்பர் மிதியடி கிடக்கிறதா என்று பாருங்கள். மிதியடி மேலே சூடு வர விடாது, அடியில் டைல்ஸை மட்டும் சுட வைக்கும். தெர்மொஸ்டற் ஏதாவது பிழை எழுத்தைக் காட்டி நின்றால் அநேகமாகச் சென்சர்தான். ட்ரிப் விழுந்தால் மட்டும் நீங்களாகத் தூக்கித் தூக்கி விடாதீர்கள், மெகரோடு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

தோளுக்கு

அம்மாவின் காலுக்கு வழி பிறந்தது. தோளுக்கு இரண்டு 275 வாட் லாம்பு போட்டோம். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் தொங்கவிடும் சிவப்பு லாம்பும் இதே இனம்தான். அதைக் கொண்டுவந்து சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோல்டர் உருகி லாம்பு தலையில் விழும். பீங்கான் ஹோல்டர், தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐபி44 என்று அடித்த பெட்டி, குளிர்நீர் பட்டாலும் வெடிக்காத கடினக் கண்ணாடி லாம்பு, இவை மூன்றும் இருந்தால் போடுங்கள். பிளாஸ்டிக் சீலிங்கில் நேராகப் பதிக்க வேண்டாம், அக்கா வீட்டில் இரும்புத் தட்டு வைத்துத் தூரம் விட்டுப் பூட்டினேன். குளித்துத் துடைக்கும் இடத்துக்கு நேர் மேலே வர வேண்டும், அறையின் நடுவில் அல்ல. பதினைந்து நிமிடம் ஓடினால் யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான்.

கையில் காசு குறைவு, தரையை உடைக்கவும் மனமில்லை என்றால் இந்த லாம்பு இரண்டை மட்டும் போடுங்கள், காலுக்கு மரப்பலகை ஒன்று வையுங்கள். நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஏற்கெனவே டைல்ஸ் மாற்றப்போகிற வீட்டுக்குத்தான் தரைச் சூடு கணக்காகும்.

ஓம் அளவு மூன்றையும் திகதியோடு பிரேக்கர் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி, அளவு நாடா வைத்து எடுத்த படத்தை பிரின்ட் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அங்கேயே ஒட்டினேன். ஆறு மாதம் கழித்து பாத்ரூம் கதவு சுவரில் இடிக்கிறது என்று தரையில் தடுப்பு ஒன்று பூட்ட ஒருவர் ட்ரில்லோடு வந்திருக்கிறார். வீட்டில் அம்மா மட்டும். அவரே பெட்டியைத் திறந்து படத்தைக் காட்டி, "தம்பி, இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தொடாதீங்க, சுவர்லயே போடுங்க" என்றிருக்கிறார். அந்த வாரம் நான் போய் மீட்டர் வைத்தேன். 176.